கல் விழுந்த வயலுக்கு எழுபத்திரண்டு மணித்தியாலம்

செட்டிபாளையத்தில் இருந்துகொண்டு ஆலங்கட்டி மழையைப் பற்றி எழுதுகிறேன் என்றால் எங்கள் பக்கத்து ஆட்கள் சிரிப்பார்கள். நமக்குத் தெரிந்தது வெள்ளம், சூறாவளி, வரட்சி, யானை. 1978 நவம்பர் 23 சூறாவளியை இன்றைக்கும் மணிக்கணக்குப் பிசகாமல் சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். கல் மழையை அப்படி நினைவு வைத்துச் சொல்ல அனேகமாக ஆளில்லை.

அதற்குக் காரணம் உண்டு. நமது வெப்ப வலயத்தில் தண்ணீர் உறையும் அளவு குளிர் தொடங்குவதே தரையிலிருந்து ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர் உயரத்தில்தான். அங்கே உருவாகும் சின்னக் கல் கீழே வந்து சேர்வதற்குள் கரைந்து வெறும் பெருந்துளியாகிவிடும். முகில் மிகவும் உயரமாக எழும்பி, உள்ளே காற்று பலமாக மேல்நோக்கி இழுத்து, கல்லைப் பெருப்பித்து விட்டால் மட்டுமே அது கல்லாகத் தரையைத் தொடும். பங்குனி, சித்திரையில் காலையில் கொளுத்திவிட்டு, பின்னேரம் மூன்று நான்கு மணிக்கு இடியோடு கறுத்து வரும் முகில்கள்தான் அப்படி எழும்பக்கூடியவை. எப்போதாவது ஒருமுறை விழும். விழுந்தாலும் சில நூறு மீற்றர் தொடக்கம் சில கிலோமீற்றர் வரை அகலமான ஒரு பட்டியில் மட்டும் விழும். ஒரு வட்டையில் கதிர் உதிர்ந்து கிடக்க, வாய்க்காலுக்கு அடுத்த வட்டையில் ஒரு நெல்லும் சிந்தியிராது.

பயிர்க் காப்புறுதி என்ற ஏற்பாடு திணறுவது இந்த இடத்தில்தான். வட்டை முழுவதற்கும் சேர்த்துக் கமக்காரர் அமைப்பு எழுதுகிற ஒரு கடிதத்தின் தேவையும் இங்கேதான் வருகிறது. அந்தக் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும், ஏன் இருக்க வேண்டும் என்று ஆறுதலாகக் கதைப்போம்.

முதலில், காப்புறுதி எப்படி அழிவைக் கணக்கிடுகிறது என்று பார்க்க வேண்டும். இதை நான் இந்தியாவின் திட்டத்தை வைத்துச் சொல்கிறேன். ஆலங்கட்டியைப் பெயர் சொல்லி எழுதி, மணித்தியாலக் கணக்கும் போட்டு வைத்திருப்பது அதுதான். 2016இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் அடிப்படை, தனி வயலைப் பார்ப்பதில்லை. ஒரு ஊராட்சி போன்ற பரப்பை ஓர் அலகாக எடுத்து, அதற்குள் சில இடங்களில் பயிரை அறுத்து நிறுத்துப் பார்த்து, சராசரி விளைச்சலைக் கண்டுபிடிக்கிறார்கள். அந்தச் சராசரி ஒரு குறித்த மட்டத்துக்குக் கீழே போனால் அலகுக்குள் உள்ள எல்லாருக்கும் இழப்பீடு. போகாவிட்டால் ஒருவருக்கும் இல்லை.

வெள்ளத்துக்கும் வரட்சிக்கும் இது நியாயமான முறை. எல்லாரையும் ஒன்றாக அடிக்கிற அழிவை ஒன்றாகவே அளக்கலாம். கல் மழைக்கு இதைப் போட்டுப் பாருங்கள். அலகில் 500 ஏக்கர் நெல் என்று வைப்போம். அதில் 23 ஏக்கரில் கல் விழுந்து ஏறத்தாழ 44 வீதம் உதிர்ந்துவிட்டது. 23இல் 44 வீதம் என்றால் பத்து ஏக்கரின் விளைச்சல் போன கணக்கு. 500 ஏக்கரின் சராசரியில் இது வெறும் 2 வீதம். இழப்பீடு கிடைக்க வேண்டுமானால் சராசரி வழமையான விளைச்சலிலிருந்து பத்து, இருபது, சில இடங்களில் முப்பது வீதம் கீழே விழ வேண்டும். ஆக, 23 ஏக்கர்க்காரரின் வீட்டில் அடுத்த போகத்துக்கு விதை நெல் இல்லை, அலகின் கணக்கிலோ அது நல்ல போகம்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் ‘குறித்த இடத்து அழிவு’ என்று தனி விதி வைத்தார்கள். ஆலங்கட்டி, மண்சரிவு, வெள்ளம் தேங்குதல், முகில் வெடிப்பு, மின்னலால் மூளும் தீ ஆகியவை அதில் வரும். இவற்றில் தனித்தனி வயலாகப் போய்ப் பார்ப்பார்கள். ஆனால் ஒன்று: எங்கே போய்ப் பார்ப்பது என்று நிறுவனத்துக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். வெள்ளம் வந்தால் வானொலி சொல்லும், பத்திரிகை சொல்லும், அமைச்சர் வந்து வள்ளத்தில் நின்று படம் எடுப்பார். ஒரு வட்டையில் பதினைந்து நிமிடம் கல் விழுந்ததை யாரும் சொல்லமாட்டார்கள். வானிலைத் திணைக்களத்தின் மட்டக்களப்பு நிலையத்திலும் அன்றைக்கு ஒன்றும் பதிவாகியிராது; நிலையம் கரையோரத்தில், கல் விழுந்தது வாவிக்கு அப்பால் படுவான்கரையில். அந்த அழிவுக்கு முதல் ஆவணம் விவசாயியின் அறிவித்தல்தான்.

அதற்கு ஒரு காலக்கெடு இருக்கிறது. இந்தியத் திட்டத்தில் தொடக்கத்தில் 48 மணித்தியாலம் இருந்தது. 2018 ஒக்டோபரில் திருத்தப்பட்ட விதிகளில் அது 72 ஆனது. நிறுவனத்துக்கு நேரடியாகச் சொல்லலாம், வங்கியில் சொல்லலாம், விவசாயத் திணைக்களத்தில் சொல்லலாம், 14447 என்ற இலவச எண்ணில் சொல்லலாம், கைபேசிச் செயலியிலும் பதியலாம். சொன்ன பிறகு 48 மணித்தியாலத்துக்குள் மதிப்பீட்டாளரை நியமிக்க வேண்டும். அடுத்த பத்து நாளுக்குள் அவர் பார்த்து முடிக்க வேண்டும். அறிக்கை வந்து பதினைந்து நாளுக்குள் காசு என்பது விதி. விதிப்படி நடக்கிறதா என்பது வேறு கதை. ஆனால் உங்கள் பக்கத்து 72 மணித்தியாலம் தவறினால், அவர்கள் பக்கத்துக் கெடு ஒன்றையும் கேட்க வாய் இராது.

எழுபத்திரண்டு மணித்தியாலம் எங்கிருந்து ஓடத் தொடங்குகிறது என்பதில் பலருக்கும் மயக்கம் இருக்கிறது. கல் விழுந்த நேரத்திலிருந்து. நீங்கள் போய்ப் பார்த்த நேரத்திலிருந்து அல்ல. எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் வயலுமாக இருக்கிற நம்மவர்களுக்கு இது சின்ன வித்தியாசம் அல்ல. வெள்ளி பின்னேரம் விழுந்ததைச் சனி மத்தியானம் போய்ப் பார்த்து, ஞாயிறு கூடிக் கதைத்து, திங்கள் கந்தோர் திறக்கட்டும் என்று காத்திருந்தால், மிஞ்சுவது திங்கள் பின்னேரம் வரையிலான சில மணித்தியாலம்.

ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்கலாம். கல் கரைந்துவிடும் என்பது ஒரு காரணம், ஆனால் பெரிய காரணம் உதிர்ந்த நெல். முற்றின வயலில் கல் விழுந்தால் அழிவின் அத்தாட்சி நிலத்தில் கிடக்கிறது. அன்று இரவே எலி வரும், விடிந்தால் கொக்கும் புறாவும் வரும், யாராவது தாரா மேய்ப்பவர் வந்தால் சொல்லவே வேண்டாம். அடுத்த மழையில் சேற்றுக்குள் போகும், மூன்றாம் நாள் முளைக்கத் தொடங்கும். பத்தாம் நாள் வருகிற மதிப்பீட்டாளர் பார்ப்பது நெல் குறைந்த கதிர்களை மட்டுமே. ‘இது பதர் விழுந்த கதிர், காய்ப்பே குறைவு’ என்று அவர் எழுதினால் மறுப்பதற்கு நிலத்தில் ஒன்றும் மிஞ்சியிராது.

ஆகவே கடிதத்துக்கு முதல் வயலில் ஒரு வேலை. ஓரடி நீளம் ஓரடி அகலத்தில் கம்பியால் அல்லது தடியால் ஒரு சட்டம் செய்துகொள்ளுங்கள். வயலில் ஐந்து இடத்தில் வையுங்கள். மோசமான இடமாகப் பார்த்து வைக்கக்கூடாது. மூலைவிட்டமாக நடந்து, இத்தனை எட்டுக்கு ஒருமுறை என்று வைக்க வேண்டும். சட்டத்துக்குள் நிலத்தில் கிடக்கிற நெல்லைப் பொறுக்கி எண்ணுங்கள். அதே சட்டத்துக்குள் நிற்கிற கதிர்களை வெட்டி, அதில் மிஞ்சியிருக்கிற நெல்லையும் எண்ணுங்கள். அலுப்பான வேலைதான், பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பிடித்தால் நடக்கும். ஐந்து சட்டங்களின் சராசரியாக நிலத்தில் 800, கதிரில் 1,020 என்று வந்தால், மொத்தம் 1,820இல் 800 போயிருக்கிறது, அதாவது 44 வீதம்.

இத்தோடு விட்டால் கணக்கு அரைகுறை. முற்றின நெல் கல் விழாமலும் கொஞ்சம் உதிரும். கல் விழாத பக்கத்து வட்டையில், அதே இன நெல்லில், அதே நாளில் சட்டத்தை வைத்துப் பாருங்கள். அங்கே 1,800இல் 36 உதிர்ந்திருந்தால் 2 வீதம். அதைக் கழித்தால் 42. இந்தக் கழித்தலை நீங்களே செய்து காட்டினால் மதிப்பீட்டாளர் உங்களை வேறு கண்ணோடு பார்ப்பார். நூறு வீதம் அழிவு என்று எழுதின ஆட்களையே அவர் நாள் முழுக்கப் பார்த்துவிட்டு வந்திருப்பார்.

உதிர்வு மட்டும் போதாது, அதைக் கல்தான் செய்தது என்றும் தெரிய வேண்டும். காற்றுக்குச் சாய்ந்த வயல் ஒரே திசையில் படுத்துக் கிடக்கும், ஓலை கிழியாது. கல் அடித்த வயலில் பயிர் நின்றபடியே இருக்கலாம், ஆனால் ஓலை நீளவாக்கில் நார் நாராகக் கிழிந்திருக்கும், கதிர்க் காம்பு முறிந்து தொங்கும், தண்டில் கல் வந்த பக்கம் மட்டும் வெளிறின தழும்பு இருக்கும். வரம்பில் நிற்கிற எருக்கலை, பக்கத்துத் தோட்டத்து வாழையிலை, வாடியின் தகரக் கூரை எல்லாம் சாட்சி சொல்லும். கிழிந்த வாழையிலையைப் படம் எடுக்க யாரும் நினைப்பதில்லை. நெல்லில் சந்தேகம் வந்தாலும் பொத்தல் விழுந்த வாழையிலையில் வராது. இன்னொன்று, பயிர் எந்தப் பருவத்தில் இருந்தது என்பது முக்கியம். மட்டம் வெடிக்கிற பருவத்தில் அடித்திருந்தால் நெல் புதிதாகக் கிளைத்து ஓரளவு தேறிவிடும். அப்போது அவசரப்பட்டு வீதம் சொன்னால் பிறகு வயலே உங்களைப் பொய்யாக்கும். குடலைப் பருவத்திலும் பூக்கும்போதும் அடித்தால் வெளியே சேதம் குறைவாகத் தெரிந்து உள்ளே பதராகும். முற்றின பிறகு என்றால் கண்ணெதிரே கிடக்கும்.

கல் விழுகிற நேரத்தில் வயலில் யாராவது இருந்தால், ஒரு பிடி கல்லை அள்ளி இரண்டு ரூபாய்க் குற்றியோடு வைத்து ஒரு படம். கைபேசியில் இட அடையாளம் பதியும் வசதியைப் போட்டுவிட்டு எடுக்க வேண்டும். அந்த ஒரு படம் மீதி எல்லாவற்றுக்கும் அத்திவாரம்.

இனிக் கடிதம். ஒரு கற்பனை வட்டையை வைத்து எழுதிப் பார்ப்போம். பதினொரு பேர், 23 ஏக்கர், மார்கழி முதல் கிழமையில் பிந்தி விதைத்த பி.ஜி. 94-1, மூன்றரை மாத நெல். மார்ச் 13 வெள்ளி பின்னேரம் கல் விழுந்தது. இவர்கள் கையில் இருப்பது ஆலங்கட்டியைச் சேர்த்து எழுதப்பட்ட, 72 மணித்தியாலக் கெடு உள்ள, கட்டுப்பணம் செலுத்தி எடுத்த ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 14, சனி, காலை 10.00

முகாமையாளர்,
பயிர்க் காப்புறுதிப் பிரிவு,
மட்டக்களப்பு.

ஐயா,

ஆலங்கட்டியால் நெற்பயிருக்கு ஏற்பட்ட சேதம் பற்றிய அறிவித்தல்

மார்ச் 13 வெள்ளிக்கிழமை பி.ப. 4.10 தொடக்கம் 4.25 வரை எமது வட்டையின் மேற்குப் பகுதியில் ஆலங்கட்டி விழுந்தது. இணைப்பு 1இல் உள்ள எமது 11 அங்கத்தவர்களின் 23 ஏக்கர் நெற்பயிர் இதனால் சேதமடைந்துள்ளது. இப்பயிர்கள் அனைத்தும் உங்கள் நிறுவனத்தில் காப்புறுதி செய்யப்பட்டவை. கட்டுப்பணம் செலுத்திய பற்றுச்சீட்டு இலக்கங்கள் இணைப்பில் உள்ளன.

பயிர் அறுவடைக்குத் தயாரான நிலையில், வயலில் நிற்கும்போது இச்சேதம் ஏற்பட்டது. ஓலைகள் கிழிந்தும், கதிர்கள் முறிந்தும், நெல் உதிர்ந்தும் உள்ளன. நாம் இன்று காலை ஐந்து இடங்களில் எடுத்த மாதிரி எண்ணிக்கை இணைப்பு 2இல் உள்ளது. இது எமது ஆரம்பக் கணிப்பு மட்டுமே. இறுதி அளவை உங்கள் மதிப்பீட்டாளர் எமது முன்னிலையில் தீர்மானிக்க வேண்டுகிறோம்.

பயிர் முற்றியுள்ளதால் நீண்ட நாள் அறுக்காமல் வைத்திருக்க இயலாது. எந்தத் திகதிக்குள் பார்வையிடுவீர்கள் என்பதையும், அதற்கு முன் அறுக்க நேர்ந்தால் ஒவ்வொரு வயலிலும் எவ்வளவு பரப்பை அறுக்காமல் விட வேண்டும் என்பதையும் எழுத்தில் அறியத் தரவும்.

இக்கடிதம் இணைப்பு 1இல் பெயர் குறிப்பிடப்பட்ட ஒவ்வொருவரின் சார்பிலும் தனித்தனியான அறிவித்தலாகக் கொள்ளப்பட வேண்டும்.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர், கமக்காரர் அமைப்பு
(11 அங்கத்தவர்களின் கையொப்பங்கள் இணைப்பு 1இல்)

பிரதி: கமநல சேவை நிலையம்; கிராம உத்தியோகத்தர்

அவ்வளவுதான். ஒரு பக்கம். ‘கடன்பட்டு விதைத்தோம், பிள்ளைகள் பட்டினி, தயவுகூர்ந்து’ என்று ஒரு வரியும் இதில் இல்லாததைக் கவனியுங்கள். அது உண்மையாக இருக்கலாம், ஆனால் இது நிவாரணம் கேட்கிற மனு அல்ல. கட்டுப்பணம் கட்டின ஒருவர், ஒப்பந்தத்தில் தன் பங்குக் கடமையைச் செய்துவிட்டேன் என்று பதிவு செய்கிற கடிதம். இரக்கம் தேடும் வரிகள் கூடினால், படிக்கிற உத்தியோகத்தர் அதை நிவாரண மனுக் கோவையில் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பார்.

‘ஆலங்கட்டி’ என்ற சொல்லைத் தவிர வேறு காரணம் எதுவும் கடிதத்தில் இல்லை. அது வேண்டுமென்றே. கல்லோடு மழையும் காற்றும் வந்துதான் இருக்கும். வயலில் தண்ணீரும் நின்றிருக்கும். நம்மவர்கள் எல்லாவற்றையும் சேர்த்து ‘கடும் மழை, காற்று, ஆலங்கட்டி, வெள்ளம் காரணமாக’ என்று எழுதினால்தான் திருப்திப்படுவார்கள். இந்தியத் திட்டத்தில் இதனால் என்ன நடக்கும் என்று பாருங்கள். 2018 திருத்தத்தில் நெல்லுக்கு ‘வெள்ளம் தேங்குதல்’ என்ற பிரிவைத் தனி வயல் இழப்பீட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள், தண்ணீரில் நிற்கிற பயிர்தானே என்ற காரணத்தால். 2025 நவம்பரில்தான், 2026 கரிஃப் போகம் தொடக்கம் அதைத் திரும்பச் சேர்ப்பதாக அறிவித்தார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் கல் விழுந்த ஒரு நெல் வயலுக்கு ‘தண்ணீர் தேங்கி அழிவு’ என்று எழுதிக் கொடுத்திருந்தால், காப்புறுதியில் சேராத ஓர் அழிவைத் தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். எது ஒப்பந்தத்தில் இருக்கிறதோ, எது உண்மையில் நெல்லை உதிர்த்ததோ, அதை மட்டும் எழுத வேண்டும். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் பொய்யாக எழுதச் சொல்லவில்லை. அந்த வழக்கு வேறு.

கடைசிப் பந்திக்கு முந்தின பந்திதான் எனக்குப் பிடித்தது. அறுவடைக்கு மெசின் காத்திருக்கும், அடுத்த மழைக்கு முகில் கூடும், மதிப்பீட்டாளர் வரவில்லை. அறுத்தால் ‘பயிர் வயலில் இல்லை’ என்பார்கள், அறுக்காவிட்டால் மிச்சமும் போகும். இந்தக் கேள்வியை அறிவித்தல் கடிதத்திலேயே கேட்டு வைத்தால், பதில் சொல்லாதது அவர்கள் பிழையாகிறது. பதில் வராமல் அறுக்கவே நேர்ந்தால் ஒவ்வொரு வயலிலும் ஒரு துண்டை விட்டுவிட்டு, அறுப்பதற்கு முதல் கிராம உத்தியோகத்தரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டி, படம் எடுத்துவிட்டு அறுங்கள்.

இணைப்பு 1 என்கிற பெயர்ப் பட்டியலில்தான் கூட்டுக் கடிதங்கள் அதிகம் விழுந்து போகின்றன. காப்புறுதி ஒப்பந்தம் கமக்காரர் அமைப்போடு இல்லை, ஒவ்வொருவரோடும் தனித்தனியாக இருக்கிறது. ‘எமது அங்கத்தவர்கள் பாதிக்கப்பட்டுள்ளனர்’ என்று மொத்தமாக எழுதி இருபது கையொப்பம் வைத்தால், யாருடைய எந்த வயல் என்று நிறுவனத்துக்குத் தெரியாது. இந்திய விதி காணி இலக்கவாரியாகப் பயிரையும் பாதித்த பரப்பையும் சொல்லச் சொல்கிறது. அதையே நாமும் செய்யலாம்: பெயர், அடையாள அட்டை இலக்கம், ஒப்பந்த இலக்கம், காணியை இனங்காணும் விபரம், விதைத்த பரப்பு, பாதித்த பரப்பு, கையொப்பம், தொலைபேசி. இரண்டு பரப்பும் தனித்தனி நிரலில் இருக்க வேண்டும். மூன்று ஏக்கருக்குக் காப்புறுதி செய்து இரண்டரைதான் விதைத்தவர் இரண்டரை என்றே எழுதட்டும். மதிப்பீட்டாளர் நாடா பிடித்து அளந்து வித்தியாசம் கண்டால், அந்த ஒருவரின் கணக்கு மட்டுமல்ல, மற்றப் பத்துப் பேரின் கணக்கும் சந்தேகத்துக்குள் போகும்.

குத்தகைக் காணிகள் இன்னொரு சிக்கல். படுவான்கரையில் போடியார் பெயரில் காணி, செய்கிறவர் வேறு என்பது வழமை. ஒப்பந்தம் யார் பெயரில் என்று பார்த்து அந்தப் பெயரையே முதலில் எழுதி, செய்கை பண்ணுபவர் பெயரைப் பக்கத்தில் போட வேண்டும். உரிமை யாருக்கு என்ற சண்டையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அறிவித்தல் யாருடைய சண்டைக்காகவும் 72 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது.

‘எல்லா விபரமும் சேர்ந்த பிறகு அனுப்புவம்’ என்று சொல்கிற செயலாளர்கள்தான் கெடுவைத் தவற விடுவது. அங்கத்தவர்களில் இருவர் கொழும்பில், ஒருவர் கட்டாரில், ஒருவரின் பற்றுச்சீட்டு எங்கே என்று அவருக்கே தெரியாது. இந்தியத் திட்டத்தின் விதியில் இதற்கு அருமையான ஏற்பாடு ஒன்று உண்டு: படிவத்தின் எல்லாக் கட்டமும் நிரப்ப இயலாவிட்டால் நிரப்பின அளவில் கெடுவுக்குள் அனுப்பிவிட்டு, அழிவு நடந்து ஏழு நாளுக்குள் முழுப்படிவத்தைக் கொடுக்கலாம். உங்கள் ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை என்றாலும், ‘மீதி விபரம் ஏழு நாளுக்குள் தரப்படும்’ என்று எழுதி அனுப்புவதை யாரும் தடுக்க முடியாது. பெயரும் காணியும் நேரமும் காரணமும் இருந்தால் அறிவித்தல் நிற்கும். மற்றதெல்லாம் அதன் வால்.

அனுப்புகிற வழி. பதிவுத் தபால் அத்தாட்சிக்கு நல்லது, நேரத்துக்குக் கூடாது. சனிக்கிழமை முற்பகல் தபாலில் போட்டது திங்கள் பின்னேரத்துக்குள் சேருமா என்று சொல்ல இயலாது. முதலில் நிறுவனத்தின் தொலைபேசிக்கு எடுத்து, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு, எடுத்த ஆளின் பெயரையும் நேரத்தையும் கடிதத்தின் தலையில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து கடிதத்தைப் படமாக்கி மின்னஞ்சலில். பிறகு திங்கள் காலை ஒருவர் இரண்டு பிரதியோடு கந்தோருக்குப் போய், ஒன்றைக் கொடுத்து மற்றதில் திகதி முத்திரை வாங்கி வர வேண்டும். முத்திரையில் நேரம் இராது. வாங்குகிறவரிடம் கெஞ்சியாவது நேரத்தைப் பேனையால் எழுதி வாங்குங்கள்.

‘மனே, கல்லு விழுந்தத்தக் கடதாசில எழுதினாக் கொட்டுண்ட நெல்லு திரும்பி வருமா?’ என்று எங்கள் வட்டவிதானை ஒருமுறை கேட்டார். வராதுதான். எவ்வளவு வரும் என்று கணக்குப் பார்ப்போம். ஏக்கருக்கு 60,000 ரூபாய் காப்புறுதித் தொகை, ஒருவரின் வயல் இரண்டரை ஏக்கர், அழிவு 42 வீதம் என்றால் ஒன்றரை இலட்சத்தில் 42 வீதம், 63,000 என்று நாம் எண்ணுவோம். இந்திய விதியோ அழிவு நடந்த நாள் வரை செய்த செலவின் அளவுக்குத்தான் கணக்குப் பார்க்கச் சொல்கிறது. அறுவடைச் செலவாக ஏக்கருக்கு 12,000 இன்னும் செய்யப்படவில்லை என்றால் கணக்கு 48,000இல் தொடங்கும். கையில் வருவது 50,400. பிறகு போக முடிவில் அலகின் சராசரியும் விழுந்து அந்த வழியில் வருகிற தொகை இதைவிடக் கூடுதலாக இருந்தால் வித்தியாசத்தைக் கொடுப்பார்கள். அலகின் காப்புறுதிப் பரப்பில் 25 வீதத்துக்கு மேல் அடிபட்டிருந்தால் தனித்தனியாகப் பார்க்காமல் மாதிரி வயல்களைப் பார்த்து, அலகில் உள்ள தகுதியான எல்லாருக்கும் சேர்த்துத் தீர்மானிப்பார்கள். 500இல் 23 அந்த எல்லைக்குக் கிட்டவும் இல்லை, ஆகவே நம் கற்பனை வட்டையில் ஒவ்வொரு வயலுக்கும் ஆள் வந்தாக வேண்டும்.

ஆள் வரும் நாளில் வயல்காரர் நிற்க வேண்டும், முல்லைக்காரனை அனுப்பிவிட்டு இருக்கக்கூடாது. மதிப்பீட்டாளர், விவசாயத் திணைக்கள உத்தியோகத்தர், விவசாயி மூவரும் சேர்ந்து பார்த்துக் கையொப்பமிடுவதே இந்தியாவின் முறை. வீதம் எழுதாமல் வெறுமையாக விட்ட தாளில் கையொப்பம் கேட்டால் போடாதீர்கள். வீதம் உங்கள் எண்ணிக்கைக்கு ஒத்துவராவிட்டால் சண்டை பிடிக்கவும் வேண்டாம். ‘எமது எண்ணிக்கை 42, இணைப்பு 2’ என்று கையொப்பத்துக்குக் கீழே எழுதிவிட்டுப் போடலாம்.

இவ்வளவும் கட்டுப்பணம் கட்டி எடுத்த, ஆலங்கட்டி எழுதின ஒப்பந்தத்துக்கு. இலங்கையில் நெல்லுக்குக் காப்புறுதி 1958இலேயே பரீட்சார்த்தமாகத் தொடங்கியது; இப்போதுள்ள கமத்தொழில் மற்றும் கமநலக் காப்புறுதிச் சபை 1999ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தில் நிற்கிறது. நெல் உட்பட ஆறு பயிருக்கு அரசாங்கம் கொடுத்த இலவசக் காப்புறுதி நம் எல்லாருக்கும் தெரிந்தது. அது வெள்ளம், வரட்சி, காட்டு யானை என்ற மூன்றையும் நோக்கியே வந்தது. கட்டுப்பணம் கட்டாத காப்புறுதி என்பதால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அனேகம் பேர் பார்த்ததில்லை. அடுத்த பெரும்போகக் கூட்டத்தில் கமநல சேவை நிலைய உத்தியோகத்தரிடம் மூன்று கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: எங்கள் காப்புறுதியில் ஆலங்கட்டி இருக்கிறதா, இருந்தால் எத்தனை மணித்தியாலத்துக்குள் யாருக்கு அறிவிக்க வேண்டும், தனி வயலைப் பார்ப்பீர்களா அல்லது பரப்பின் சராசரியையா. இல்லை என்று பதில் வந்தால், மேலே எழுதின கடிதத்தை அந்த நிறுவனத்துக்கு அனுப்பிப் பயனில்லை. அப்போது அதே கடிதத்தைப் பிரதேச செயலகத்தின் அனர்த்த முகாமைத்துவ உத்தியோகத்தருக்கு எழுதலாம், அது நிவாரண மனு. அதில் மட்டும் பிள்ளைகளையும் கடனையும் எழுதுங்கள்.